ஒரு இன்டர்ன் எடுக்கப் போய் எச்.ஆர். ஷீட்டோடு மல்லுக்கட்டிய கதை

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி எங்களுடையது. கடைசி செமஸ்டர் மாணவர் ஒருவரை ஜனவரி முதல் மே வரை டேட்டா டீமுக்கு இன்டர்னாக எடுக்க அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு இடம். ஆள் வந்து சேர்ந்தாயிற்று, வேலையும் நன்றாகவே போகிறது. ஆனால் நடுவில் பட்ட பாட்டில் முக்கால்வாசி பட்டிருக்கவே வேண்டாம். கல்லூரி மாணவர்களின் ரெஸ்யூமேவை வடிகட்டும் வேலை உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் இது உதவும்.

கோளாறு விளம்பரத்திலேயே ஆரம்பித்தது. நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வேலைகள். கிளைகளிலிருந்து வரும் எக்செல் ஷீட்டுகளைச் சுத்தம் செய்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸில் எஸ்.க்யூ.எல். எழுதிக் கேட்ட விவரத்தை எடுத்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை விற்பனை மேனேஜருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். எச்.ஆர். சார் இதை வாங்கி, பழைய டேட்டா அனலிஸ்ட் விளம்பரத்தின் வாலில் ஒட்டிப் போட்டுவிட்டார். மெஷின் லேர்னிங், டாப்லோ, கிளவுட், ‘ஒரு வருட அனுபவம் இருந்தால் நல்லது’ எல்லாம் அதில் இருந்தன. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருட அனுபவம் எங்கிருந்து வரும்? உண்மையைச் சொல்கிறவர்கள் அந்த வரியைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுவார்கள். மற்றவர்கள் விளம்பரத்தில் இருக்கிற வார்த்தைகளையெல்லாம் ‘ஸ்கில்ஸ்’ பகுதியில் கொட்டி அனுப்புவார்கள். எங்களுக்கு வந்ததில் பாதி அப்படித்தான்.

அடுத்தது வடிகட்டல். கேம்பஸ் டிரைவுக்கு வைக்கிற அதே ஃபில்டரை எச்.ஆர். இதற்கும் போட்டிருந்தார்: சி.ஜி.பி.ஏ. 7.5-க்கு மேல், அரியர் வரலாறே கூடாது. மிச்சமிருந்தவர்களை அனுபவ மாதங்களை வைத்து வரிசைப்படுத்தியிருந்தார். முதலிடத்தில் இருந்த பையனின் அனுபவம், மாமா கடையில் ஆறு மாதம் டேலியில் பில் போட்டது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒத்துப்பார்த்திருக்கிறான், அது நல்ல பழக்கம். ஆனால் எஸ்.க்யூ.எல். பக்கம் அவன் போனதற்கு ரெஸ்யூமேவில் ஒரு தடயமும் இல்லை. ஃபில்டரில் விழுந்தவர்களின் ரெஸ்யூமேக்களையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். “அதெல்லாம் ரிஜெக்ட் மேடம்” என்றார். பரவாயில்லை, அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினேன். நல்லவேளை.

வேலை அனுபவம் இல்லாத ரெஸ்யூமேவைப் படிக்கும்போது ‘இது எவ்வளவு நல்ல ரெஸ்யூமே’ என்று பார்த்தால் வழி தவறிவிடும். நம்முடைய ஒவ்வொரு வேலைக்கும் அதில் என்ன சான்று இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு ஷீட்டில் மூன்று வேலைகளுக்கும் மூன்று நெடுவரிசை போட்டுக்கொண்டேன். சான்றே இல்லையென்றால் 0. பெயர் மட்டும் இருந்தாலோ, சர்டிஃபிகேட் மட்டும் இருந்தாலோ 1. லேபில் கொடுத்த பயிற்சியாகச் செய்திருந்தால் 2. யாரும் படிப்படியாகச் சொல்லித் தராத, தாறுமாறான டேட்டாவை வைத்துத் தானே செய்து, என்ன வந்தது என்றும் எழுதியிருந்தால் 3. எஸ்.க்யூ.எல்.-இல் மட்டும் 2-க்குக் கீழே இருந்தால் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். டாப்லோவை இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஐந்து மாத இன்டர்ன்ஷிப்பில் ஜாயின் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க நேரம் இல்லை. இந்த அளவுகோலை ரெஸ்யூமேவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிடித்துப்போன ஒருவரைப் பார்த்த பிறகு எழுதினால் அது அவருக்குத் தைத்த சட்டையாகிவிடும்.

பாடங்களைப் படிப்பதில் சில சூட்சுமங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. லேபுக்கு அது தலைகீழ்: கல்லூரியே போடும் இன்டர்னல் 60, தேர்வு 40. அதனால் டி.பி.எம்.எஸ். லேபில் ‘ஓ’ கிரேடு என்பதை மட்டும் வைத்து ஆளைப் பிரித்துப் பார்க்க முடியாது. வந்த ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் ‘ஓ’தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். லேபில் என்னென்ன செய்தார்கள் என்று ரெஸ்யூமேவில் ஒரு வரி இருந்தால் அதுதான் உபயோகம்.

சர்டிஃபிகேட்டுகளும் அப்படியே. என்.பி.டி.இ.எல். கோர்ஸில் 25 மதிப்பெண் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு, 75 மதிப்பெண் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அதில் வாங்கியதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஒரு நாள் வெபினாரில் உட்கார்ந்ததற்குக் கொடுத்த சர்டிஃபிகேட் பதினான்கு இருந்தாலும் என் ஷீட்டில் அது 1-ஐத் தாண்டாது.

பிறகு வந்தது பெரிய தலைவலி. ஒரு கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல் எல்லா ரெஸ்யூமேவையும் ஒரே ஜிப் ஃபைலாக அனுப்பியிருந்தது. ஒரே டெம்ப்ளேட், ஒரே ‘ஆப்ஜெக்டிவ்’ வாசகம். அதில் நான்கு பேரிடம் ஒரே மினி புராஜெக்ட், ஒரே நான்கு வரி விவரம், கமா கூட மாறவில்லை. நான்கு பேர் டீம் என்பதால் அது தப்பில்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று எப்படித் தெரிவது? கிட்ஹப் லிங்க்கைத் திறந்தால் ஒரே ஒரு கமிட், அதன் செய்தி `Add files via upload`. வெப்சைட்டிலேயே ஃபைலை இழுத்துப் போட்டால் தானாக விழுகிற செய்தி அது. உடனே ‘புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கிட் பழகாத பிள்ளைகள் தாங்களே எழுதியதைக் கூடக் கடைசி நாளில் மொத்தமாகத்தான் ஏற்றுவார்கள். தெரிந்துகொள்ள ஒரே வழி போன் போட்டு, அந்தப் புராஜெக்ட்டில் எது உடைந்தது என்று கேட்பதுதான். ‘டிஃபிகல்ட்டி எதுவும் இல்லை மேடம், எல்லாம் ஸ்மூத்’ என்று சொன்னவர்கள் யாரும் அடுத்த கேள்வியைத் தாண்டவில்லை.

அடுத்ததாக, கடைசிச் சுற்றில் நின்ற இரண்டு ரெஸ்யூமேக்கள். ஒருவருக்கு சி.ஜி.பி.ஏ. 8.9. ஸ்கில்ஸ் பகுதியில் டீப் லேர்னிங் வரை எல்லாமே இருந்தது. புராஜெக்ட், டைட்டானிக் பயணிகளில் யார் பிழைப்பார் என்று கணிப்பது. இணையத்தில் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடம் அது. டேட்டாவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது வரை எழுதியே இருக்கும். சுத்தம் செய்வதற்கு 2, லேபை வைத்து எஸ்.க்யூ.எல்.-க்கு 2, அறிக்கைக்கு ‘குட் கம்யூனிகேஷன்’ என்ற வார்த்தை மட்டும் இருந்ததால் 1. மொத்தம் 5.

இன்னொரு பெண், எச்.ஆர். ஃபில்டரில் விழுந்தவர். சி.ஜி.பி.ஏ. 6.9, கணக்கில் ஒரு அரியர் வைத்துப் பிறகு எழுதி முடித்தவர். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. ஆனால் புராஜெக்ட் பகுதியில் எழுதியிருந்தது இது: ஹாஸ்டல் மெஸ் கணக்கு மூன்று நோட்டுகளிலும் ஒரு எக்செல்லிலும் இருந்தது, தேதிகள் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தன, ஒரே மாணவியின் பெயர் இரண்டு மாதிரி இருந்ததால் ரோல் நம்பரை வைத்துச் சேர்த்தேன், பணம் கட்டாதவர்கள் பட்டியலை எஸ்.க்யூ.எல். எழுதி எடுத்து மாதாமாதம் வார்டனுக்குக் கொடுத்தேன். சுத்தம் செய்வதற்கு 3. எஸ்.க்யூ.எல்.-க்கு 3. பட்டியல் கொடுத்தது தெரிகிறது, விளக்கி எழுதியது தெரியவில்லை, அதனால் அறிக்கைக்கு 2. மொத்தம் 8.

எழுதியது வேறு, செய்தது வேறு என்பதால் போனில் கேட்டேன். மார்ச் மாதம் பணம் கட்டாதவர்களை எப்படி எடுத்தீர்கள்? சொன்னதைக் கேட்டு நான் குறித்துக்கொண்டது:

```sql
SELECT s.roll_no
FROM students s
LEFT JOIN payments p
  ON p.roll_no = s.roll_no
 AND p.month = '2024-03'
WHERE p.roll_no IS NULL;
```

மாதத்தை ஏன் கீழே `WHERE`-இல் போடவில்லை என்று கேட்டேன். “முதல்ல அங்கதாங்க மேடம் போட்டேன். லிஸ்ட் காலியா வந்துச்சுங்க. எல்லாரும் கட்டிட்டாங்கன்னு நினைச்சு வார்டன் கிட்டச் சொல்லிட்டேன், அவங்க சிரிச்சாங்க. அப்புறந்தான் தேடிப் பாத்தேன்” என்றார். பணம் கட்டாதவருக்கு payments-இல் வரியே இருக்காது, அதனால் மாதமும் வெறுமையாக இருக்கும். `WHERE`-இல் மாதத்தைக் கேட்டால் நாம் தேடுகிற ஆட்களே விழுந்துவிடுவார்கள். இதை லேப் ரெக்கார்டைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்ல முடியாது. ஒருமுறை மாட்டிக்கொண்டு முழித்தவர்தான் அந்த வார்டன் கதையோடு சொல்வார்.

8.9 வாங்கியவரையும் கூப்பிட்டேன், விடவில்லை. வயது விவரம் இல்லாத பயணிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சராசரியைப் போட்டு நிரப்பினேன் என்றார். ஏன் என்றதும் அப்படித்தான் செய்வார்கள் என்றார். கெட்டிக்காரர்தான், எங்கேயாவது நன்றாக வருவார். ஆனால் எங்கள் கிளை ஷீட்டில் விற்பனை வராத நாளுக்குச் சராசரியைப் போட்டு நிரப்பினால் மேனேஜர் என்னைத்தான் கேட்பார்.

ஆர்வத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பேஷனேட்’, ‘குயிக் லேர்னர்’ எல்லா ரெஸ்யூமேவிலும் இருக்கும், மதிப்பெண் கிடையாது. யாரும் கேட்காமல் செய்து, முடித்தும் காட்டிய ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மெஸ் கணக்குக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. அந்தப் பெண்ணுடைய மினி புராஜெக்ட் வேறு ஏதோ.

ஆளைத் தேர்ந்தெடுத்ததும் முடிந்தது என்று நினைத்தால், கல்லூரியில் சிக்கல். எச்.ஆர். ‘ஆறு மாத இன்டர்ன்ஷிப்’ என்று வெறும் மெயில் அனுப்பியிருந்தார். ஆறு மாதம் என்றால் செமஸ்டரைத் தாண்டுகிறது, லெட்டர்ஹெட் இல்லை, கம்பெனி கைடு யார் என்று இல்லை என்று சொல்லி பிளேஸ்மென்ட் செல் என்.ஓ.சி. தர மறுத்தது. அந்தப் பெண் நேரில் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். நான் ஆரம்பத்திலேயே ஜனவரி முதல் மே வரை என்றுதானே எழுதிக் கொடுத்திருந்தேன்! கடைசியில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, கைடாக என் பெயர், புராஜெக்ட் ரிவ்யூ நாட்களுக்கு விடுப்பு உண்டு என்ற வரி எல்லாம் போட்டு லெட்டர்ஹெட்டில் நானே அடித்து, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மறுநாளே என்.ஓ.சி. வந்தது. முதல் போனிலேயே ரிவ்யூ எந்தெந்த நாள், கல்லூரி எந்த மாதிரிக் கடிதம் கேட்கும் என்று மாணவரிடமே கேட்டுவிடுங்கள்.

எச்.ஆர். சார் இப்போது அடுத்த இன்டர்னுக்கான ஷீட்டில் என்னுடைய மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்துவிட்டார். அனுபவ மாதம் என்ற நெடுவரிசையை நான் கேட்காமலே எடுத்துவிட்டார். சி.ஜி.பி.ஏ. ஃபில்டரைத் தூக்க மட்டும் மனசு வரவில்லை போல, 7.5-ஐ 6.5 ஆக்கியிருக்கிறார். சரி, இந்த முறை அதோடுதான் போகப்போகிறோம்.