அப்பிரவாசி காட் படித்துறையில் இரு மொழி நடைப்பயணம்: பதினாறு படிகளுக்கு எழுதிய உரை

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் நடத்தும் மரபு நடைப்பயணத்துக்கு நான் எழுதிவரும் வழிகாட்டி உரையில் முதல் நிறுத்தம் இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. வருகிற குழுவில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மீதிப் பேர் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து வரும் தமிழ் வம்சாவளியினர். அவர்களுக்குப் பிரெஞ்சும் கிரியோலும்தான் வீட்டு மொழி. நான் தமிழில் பேசுவேன், பக்கத்தில் நிற்கும் தங்கை ஒருத்தி நான் நிறுத்தும்போதெல்லாம் பிரெஞ்சில் சொல்வாள். ஒலிவாங்கி, காதுக் கருவி எதுவும் கிடையாது. ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுகிற முறை.

முதல் நிறுத்தம் ட்ரூ ஃபான்ஃபாரோன் விரிகுடா ஓரத்தில் இருக்கும் அப்பிரவாசி காட். கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏறிய பதினாறு கற்படிகள் இங்கேதான் இருக்கின்றன. யுனெஸ்கோ 2006-ல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கையேடுகளில் வழக்கமாகக் காணும் நடையில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிவைத்திருந்தேன்: "அடிமை முறை முடிவுக்கு வந்ததையொட்டி கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால் 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கால்வைத்து ஏறிய படிகள் இவை."

காகிதத்தில் இது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் சத்தமாக வாசித்தபோது தங்கை கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அண்ணா, 'படிகள் இவை'ன்னு நீங்க கடைசியா சொல்ற வரைக்கும் எதைப் பத்திப் பேசுறீங்கன்னே எனக்குத் தெரியல. அதுக்குள்ள ரெண்டு வருஷம், ஒரு எண்ணிக்கை, ஒரு காரணம், எல்லாத்தையும் மனசுல தூக்கிவெச்சுக்கணும். பிரெஞ்சுல எனக்கு முதல்ல வேண்டியதே அந்தப் படிதான்."

தமிழில் பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் எழுவாயைக் கடைசியில் வைக்கலாம், கேட்பவருக்குச் சிரமம் இல்லை. பிரெஞ்சில் சொல்பவர் அதைத் தலைகீழாகத் திருப்பியாக வேண்டும். நான் முடிக்கும்வரை அவளால் தொடங்கவும் முடியாது. நான் முடித்த பிறகு அவள் குறிப்பேட்டில் இருப்பதோ வரிசை தெரியாத எண்கள்.

அதனால் பொருளை முதலில் சொல்லிவிட்டு, அதைப் பற்றிய செய்திகளைத் தனித்தனி வாக்கியங்களாகப் பின்னால் வைத்தேன். ஒரு துண்டில் இரண்டு வாக்கியம்தான், எண்ணோ தேதியோ வந்தால் துண்டுக்கு ஒன்று மட்டும். வாய்விட்டுச் சொன்னால் பதினைந்து இருபது விநாடிக்குள் முடிய வேண்டும். இப்போது இப்படி இருக்கிறது. சாய்கோடு வரும் இடமெல்லாம் தங்கை பேசுவாள்.

"இவை கருங்கற்படிகள். கப்பலில் வந்தவர்கள் இந்த வழியாகக் கரையேறினார்கள். / மேலே இருப்பது குடியேற்ற நிலையம். 1849-ல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். / ஆனால் ஆட்கள் வருவது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. அட்லஸ் என்ற கப்பல் 1834 நவம்பர் 2 அன்று வந்து சேர்ந்தது. / அதில் வந்தவர்கள் 36 பேர். / அடுத்த பிப்ரவரியில் இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. / 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். / அவர்களில் சிலரை இங்கிருந்து ரீயூனியனுக்கும் அனுப்பினார்கள்."

துண்டு போட்டதில் வேறு ஒரு நன்மையும் கிடைத்தது. கட்டடத்தின் ஆண்டும் ஆட்கள் வரத் தொடங்கிய ஆண்டும் வேறு வேறு. நீண்ட வாக்கியம் இரண்டையும் ஒட்டிவிடும், 1834-லேயே எல்லோரும் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த மாதிரி கேட்கும். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது.

எண்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. லட்சக் கணக்கைப் பிரெஞ்சில் ஆயிரக் கணக்காக மாற்றியாக வேண்டும்: ஐந்து லட்சம் என்று கேட்டால் ஐந்நூறு ஆயிரம் என்று சொல்ல வேண்டும். நின்ற இடத்தில் இதைச் செய்யும்போது ஒரு சுழியம் கூடும், அல்லது குறையும். தங்கை எண்ணுக்கு முன் தயங்கி, "பல" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்தால் அங்கே தடுக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதனால் உரைத்தாளின் வலது ஓரத்தில் அவளுக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, 500 000 என்று இலக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். இடங்களின் பெயர்களையும் கப்பல் பெயரையும் அதே பத்தியில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போட்டிருக்கிறேன், நான் உச்சரிக்கும் விதத்தை வைத்து அவள் ஊகிக்க வேண்டியதில்லை.

இடைவெளியிலும் இரண்டு வகை உண்டு. ஒற்றைச் சாய்கோடு மொழிபெயர்ப்புக்கு. இரட்டைச் சாய்கோடு பார்ப்பதற்கு, அப்போது இருவருமே பேசக் கூடாது. இந்த வேறுபாடு எழுத்தில் இல்லாதவரை, நான் மௌனமாக நின்ற இடத்தில் எல்லாம் தங்கை ஏதோ விட்டுப்போனதாக நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவாள். இப்போது ஒற்றைக் கோட்டில் குரலைத் தாழ்த்தி முடித்து அவள் பக்கம் திரும்புகிறேன். இரட்டைக் கோட்டில் நானும் படிகளைப் பார்த்தபடி நிற்கிறேன்.

கை நீட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். "மேலே இருப்பது" என்று நான் சுட்டியபோது தமிழ் கேட்பவர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பிரெஞ்சு வரும்போது என் கை கீழே இறங்கியிருக்கும், ரீயூனியன்காரர்கள் எங்கே பார்ப்பது என்று தேடுவார்கள். ஆகவே அவள் சொல்லும்போது மறுபடியும் சுட்டுகிறேன். உரைத்தாளில் அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது.

பிரெஞ்சு ஓடும் நேரத்தில் தமிழ்க்காரர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பிப்பார்கள். அந்தச் சத்தத்தில் தங்கையின் குரல் அமுங்கிவிடும். அதனால் படிகள் எத்தனை என்பதை உரையிலிருந்தே எடுத்துவிட்டேன். முதல் துண்டை முடித்ததும், "எத்தனை படி என்று எண்ணிவையுங்கள்" என்று மட்டும் சொல்கிறேன். எண்ணுகிறவர்கள் பேசுவதில்லை. பிரெஞ்சிலும் அதே வேலையைக் கொடுத்துவிடுவதால் கடைசியில் இரண்டு பக்கமும் சேர்ந்தே பதினாறு என்று சொல்கிறார்கள்.

இந்த நிறுத்தத்துக்கு நேரம் ஆறு நிமிடம். எனக்கு இரண்டரை, தங்கைக்கு இரண்டரை, மௌனத்துக்கு ஒன்று. தமிழில் மட்டும் நடத்தும் நடையில் ஐந்து நிமிடம் பேசுகிற இடம் இது. பாதியை வெட்ட வேண்டியிருந்தது. மருத்துவப் பகுதி, சாலை போட்டபோது நிலையத்தில் ஒரு பகுதி அழிந்த கதை இரண்டும் போயின. கேள்வி வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

நிச்சயமாக வரும் கேள்வி, "எங்கள் முன்னோர் பெயர் இங்கே இருக்குமா?" என்பதுதான். குடியேறியவர்களின் பதிவேடுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, நிழற்படத்தோடு உள்ள பதிவுகளும் உண்டு. ஆனால் அவை மொரீஷியஸுக்கு வந்தவர்களுக்கு. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக நேரே ரீயூனியன் போனவர்களை அங்கேதான் தேட வேண்டும். இந்தப் பதிலையும் துண்டுகளாக எழுதி தங்கையிடம் முன்பே கொடுத்துவிட்டேன். மனம் நெகிழ்ந்து கேட்கிறவர்களுக்கு அரைகுறையாகப் பதில் போய்ச் சேரக் கூடாது.

அடுத்து மத்தியச் சந்தை. உள்ளே போனால் வியாபாரிகள் கூவும் சத்தத்தில் இரண்டு குரலும் எடுபடாது. அதனால் சந்தைக்கான உரை முழுவதையும் வாசலுக்கு முன்பே நின்று முடித்துவிட்டு, உள்ளே பேச்சே இல்லாமல் நடக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.