பச்சை, மஞ்சள், சிவப்பு: ஒரு பிரஷர் அட்டையைத் திருத்திய கதை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பிரிவைப் பார்க்கும் செவிலியர் நான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது எங்கள் பகுதியிலும் சுயஉதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். தோளில் ஒரு பை, பைக்குள் பிபி மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பொட்டலங்கள். வீடு வீடாகப் போய் அளந்து, எண்ணை நோட்டில் எழுதி வருவார்கள். "சிஸ்டர், எண்ணைச் சொன்னா அவங்களுக்குப் புரியல. நல்லதா கெட்டதான்னு கேக்குறாங்க" என்று ஒருவர் சொன்னதிலிருந்துதான் அட்டை போடும் எண்ணம் வந்தது.

முதல் அட்டையை ஒரே மாலையில் எழுதிவிட்டேன். மேல் எண் 140-க்குக் கீழும், கீழ் எண் 90-க்குக் கீழும் இருந்தால் பச்சை. மேல் எண் 140 முதல் 179 வரையிலோ, கீழ் எண் 90 முதல் 109 வரையிலோ இருந்தால் மஞ்சள். மேலே 180, அல்லது கீழே 110, அதற்கு மேல் எதுவானாலும் சிவப்பு. இரண்டு எண்ணும் இரண்டு நிறத்தில் விழுந்தால் மோசமான நிறத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். 136/94 என்றால் மேல் எண் பச்சைதான், ஆனாலும் அவர் மஞ்சள். மருத்துவர் பார்த்துச் சரி என்றார்.

கலர் பிரிண்ட் பத்துதான் எடுக்க முடிந்தது. தன்னார்வலர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பச்சைக் கட்டமும் சிவப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் இதே நிலைதானே என்று அப்போதுதான் உறைத்தது. அன்றே ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பச்சைக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்று கோடுகளும் போட்டேன். அதே வீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. "மஞ்சள்னா மங்கலம்தானே தாயி, நல்லதுதானே?" என்று அந்த வீட்டு அப்பத்தா கேட்டார். சிக்னல் விளக்கை நினைத்து நான் எழுதியிருந்தேன். அவர் தாலிக்கயிற்றை நினைத்திருக்கிறார். நிறத்துக்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதாவிட்டால் அந்த நிறம் எதையும் சொல்லாது என்று புரிந்தது.

அந்த அப்பத்தாவின் கதையையே சொல்கிறேன். அடுத்த மாதம் ஒரு மதியம் தன்னார்வலர் பதறிப்போய் போன் செய்தார். "சிஸ்டர், 188/112. சிவப்பு. 108-ஐக் கூப்பிடவா?" நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வாய் கோணியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பார்வை மங்குகிறதா, தலை தாங்க முடியாமல் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. ஒன்று இருந்திருந்தாலும் மறு அளவுக்குக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன்.

பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன், நேரிலேயே போனேன். நூறு நாள் வேலை முடிந்து வெயிலில் நடந்து வந்த அப்பத்தா, வந்ததும் திண்ணையில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறார். ரவிக்கைக் கையின் மேலேயே பட்டை சுற்றியிருந்தது. கை மடியில் கிடந்தது. மகள் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே அளவு கொடுத்திருக்கிறார். இவற்றில் ஒவ்வொன்றுமே எண்ணை ஏற்றிவிடும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் ஏறும், டீயோ பீடியோ குடித்து அரை மணி ஆகாவிட்டாலும் ஏறும்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னோம். முதுகு சாய நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னோம். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு வெறும் தோலில் பட்டையைச் சுற்றி, கை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி அரிசி டின்னின் மேல் ஒரு தலையணை போட்டு அதில் வைத்தோம். இந்த முறை 164/98. ஒரு நிமிடம் விட்டு அளந்தபோது 158/94. இரண்டின் சராசரி 161/96. சிவப்பு இல்லை, மஞ்சள்.

மஞ்சள்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். காலி. மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியதில் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அன்றே மாத்திரையைத் தொடரச் செய்து, அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வரச் சொன்னோம். விட்ட நாளுக்கும் சேர்த்து விழுங்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பிரஷரைத் திடீரென்று இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

அன்று இரவு அட்டையின் தலைப்பகுதியை மாற்றினேன். நிறங்களுக்கு மேலே, உட்காரும் முறையைப் படமாகப் போட்டேன். சிவப்புக் கட்டத்தில், "உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளக்கவும். அப்போதும் சிவப்பு என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம்" என்று எழுதினேன். கர்ப்பிணிகளுக்குத் தனி வரி: 140/90-ஐத் தொட்டாலே அன்றைக்கே செவிலியரிடம். இந்த மஞ்சள் அவர்களுக்குக் கிடையாது.

அடுத்த மாத அளவு 134/82. அப்பத்தா அட்டையில் பச்சையை விரலால் தொட்டுக் காட்டினாராம். அதற்கடுத்த மாதம் 172/100. இந்த முறை டப்பா நிறைய மாத்திரை இருந்தது. "பச்சை வந்துருச்சுல்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். இதில் அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பச்சைக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது "நலமாக இருக்கிறீர்கள்" என்ற ஒரே வரி. அதை நம்பித்தான் நிறுத்தியிருக்கிறார். என்னை அதிகம் வருத்திய வரி அதுதான். அதை அடித்துவிட்டு, "மாத்திரை வேலை செய்கிறது. நிறுத்த வேண்டாம்" என்று மாற்றினேன். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு அதற்குக் கீழே வேறு வரி.

அதற்குப் பிறகும் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கில் இருந்த ஒரு தாத்தாவுக்கு 96/58. இரண்டு வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், எழுந்தால் கண் இருட்டுகிறது என்றிருக்கிறார். தன்னார்வலர் அட்டையைப் பார்த்து நோட்டில் "பச்சை" என்று குறித்திருந்தார். அட்டைப்படி அது சரிதான், 140-க்குக் கீழ்தானே. பச்சைக்கு மேல் எல்லை வைத்த நான் கீழ் எல்லை வைக்கவில்லை. மருத்துவரிடம் கேட்டு, பச்சைக்கு அடியில் நிறமில்லாத ஒரு கட்டம் சேர்த்தோம்: "மேல் எண் 100-க்குக் கீழ், அல்லது எழுந்தால் தலைசுற்றல்: படுக்கவைத்துவிட்டு, அடுத்த மாத்திரை கொடுப்பதற்கு முன் செவிலியருக்குப் போன் செய்யவும்." அதன் கீழே கோடிட்ட இடத்தில் என் நம்பரை நானே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். அச்சில் போட்டால் ஜெராக்ஸில் மங்கிவிடுகிறது.