நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி: எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது

டில்லி நிஜாமுதீன் தர்காவில் சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலி கேட்க வியாழன் மாலை போக வேண்டும். இஸ்லாமிய வழக்கில் பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும். நம்மூர் முஸ்லிம்கள் 'வெள்ளி இரவு' என்று சொல்வது இதைத்தான். பொழுது சாய்ந்ததும் நடக்கும் மஃரிப் தொழுகைக்கு முன்பே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும். மெட்ரோவில் ஜே.எல்.என். ஸ்டேடியத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சந்துக்குள் நுழைந்ததும் பூக்கடைக்காரர்கள் செருப்பை இங்கேயே விடச் சொல்லிக் கூப்பிடுவார்கள். விட்டால் ரோஜாத் தட்டும் வாங்கியாக வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பேசாமல் தர்கா வாசல் வரை நடந்துவிடுங்கள். தலையை மூடத் துணி அவசியம்.

முதலில் கவிஞர் அமீர் குஸ்ரோவின் அடக்கத்தலம், பிறகு அவருடைய குருவான சூஃபி ஞானி நிஜாமுதீன் அவ்லியாவின் அடக்கத்தலம் என்பதுதான் முறை. இருவரும் 1325இல் மறைந்தவர்கள். உள்ளறைக்குப் பெண்களை விடுவதில்லை. வெளியே நின்றுதான் வணங்க வேண்டும்.

பாட்டு நடப்பது வெளிமுற்றத்தில். கவ்வால்கள் அவ்லியாவின் அடக்கத்தலத்தைப் பார்த்து உட்காருவார்கள், நம்மைப் பார்த்து அல்ல. அவர்களுக்கும் அடக்கத்தல வாசலுக்கும் நடுவே தரையைக் காலியாக விட்டிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் 'முன்வரிசை காலியாக இருக்கிறதே' என்று அங்கேயே போய் உட்கார்ந்து எழுப்பப்படுவது வாடிக்கை. பக்கவாட்டில் உட்காருங்கள். பாடுபவரின் முகமும் தெரியும், கேட்பவர்களின் முகமும் தெரியும். இரண்டாவதுதான் முக்கியம்.

அவ்லியா சார்ந்த சூஃபி வழியான சிஷ்தி மரபில் இந்த இசைக்கு 'சமா' என்று பெயர். கேட்டல் என்று பொருள். அவ்லியா இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்தார். பாடுபவர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும். கேட்பவர் மனம் இறைவனிடம் இருக்க வேண்டும். பாடப்படுவதில் ஆபாசம் கூடாது. வாத்தியம் கூடாது. முதல் விதியில் ஆண்தான் பாட வேண்டும் என்பது இன்னும் நிற்கிறது. நான்காவதை, அவர் வாசலுக்கு எதிரிலேயே ஆர்மோனியமும் டோலக்கும் மீறிக்கொண்டிருக்கின்றன. ஆர்மோனியம் இந்தியாவுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்.

பாட்டு எடுத்த எடுப்பில் தாளத்தோடு தொடங்காது. ஆர்மோனியம் மெட்டைக் கோடிட்டுக் காட்டும். தலைமைப் பாடகர் தாளமில்லாமல் ஒரு கவிதையை இழுத்துப் பாடுவார். அதற்குப் பின்தான் டோலக்கும் பின்பாட்டுக்காரர்களின் கைதட்டும் சேரும். வரி சூடு பிடித்ததும் நடுவில் நிறுத்தி, வேறொரு கவிஞரின் அடியையோ வேறு மொழி ஈரடியையோ செருகி, மீண்டும் பழைய வரியில் கொண்டுவந்து சேர்ப்பார். இந்த முடிச்சுக்கு 'கிரஹ்' என்று பெயர். பாரசீகம் புரியாதவரும் மனமுருக வழி இதுதான்: புரியாத வரிக்கு நடுவே தாய்மொழியில் ஒரு வரி வந்து விழும்.

பாடகரின் கண் கூட்டத்தின் மேலேயே இருக்கும். ஒருவர் தலையசைக்கிறார், கண் கலங்குகிறார், எழுந்து காசு வைக்கிறார் என்றால், எந்தச் சொல்லில் அது நடந்ததோ அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் பாடுவார். இது 'தக்ரார்'. கேட்பவர் தன்னிலை மறந்து 'ஹால்' நிலைக்குப் போய்விட்டால், அவர் தணியும்வரை வரியை மாற்றக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

இந்த விதியின் கனத்தை அறிய டில்லியின் தெற்கே மெஹ்ரோலி வரை போக வேண்டும். அங்கே அடங்கியிருக்கும் சிஷ்தி ஞானி குத்புதீன் பக்தியார் காக்கி 1235இல் ஒரு சமாவில்தான் உயிர் விட்டார். 'சரணாகதி என்னும் கத்தியால் வெட்டுண்டவர்க்கு மறைவிலிருந்து நொடிதோறும் புதுவுயிர்' என்ற கருத்துள்ள பாரசீக ஈரடியைக் கேட்டவர் அதிலேயே மூழ்கிப்போனார். நாட்கணக்கில் அதையே பாடவைத்தார்கள். முதல் அடியில் உயிர் ஒடுங்கும், இரண்டாம் அடியில் திரும்பும் என்று மரபு சொல்கிறது. நடந்தது எப்படியோ, பாடுகிறவன் கையில் கேட்கிறவனின் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கை கவ்வால்களிடம் ஊறிக் கிடக்கிறது.

சாதாரண வியாழன்களில் இவ்வளவு ஆழம் கிடைக்காமலும் போகலாம். அங்கேயே படமாக்கப்பட்ட 'ராக்ஸ்டார்' படப் பாட்டு 'குன் ஃபாயா குன்' வந்த 2011க்குப் பிறகு சினிமாப் பாட்டைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ரூபாய் நோட்டை நீட்டி விருப்பப்பாட்டு கேட்டால் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும்; பிடித்து வந்த தக்ரார் அறுந்துபோகும். நோட்டை ஓசையில்லாமல் ஆர்மோனியத்தின் முன் வைத்துவிட்டு இடத்துக்குத் திரும்புங்கள். அதன் பெயர் 'நஸ்ரானா', காணிக்கை. பாட்டு முடிந்ததும் கைதட்டவும் வேண்டாம்.

பாட்டுகளை முழு வரிசையோடு கேட்க, ஞானிகளின் நினைவு விழாவான உர்ஸ் சமயத்தில் போவது நல்லது. 'மன் குந்தோ மௌலா'வும் 'ஆஜ் ரங் ஹை'யும் அப்போது தவறாது. 'ரங்' தொடங்கினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள். குஸ்ரோவின் உர்ஸ் ஷவ்வால் மாதத்தில், ரம்ஜான் முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். டிக்கெட் போடும் முன் அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.