அம்மாவின் மூச்சிரைப்பும் 4,260 என்ற எண்ணும்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 78 வயது. தை மாதத்தில் இருந்தே இளைப்பு. பனிக்குச் சேரவில்லை என்று நினைத்து உள்ளூரில் இரண்டு முறை புகை வைத்தோம். ஒரு மணி நேரம் தேவலை, அப்புறம் பழையபடிதான். "படுத்தா நெஞ்ச அடைக்குதுடா" என்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

மதுரையில் பார்த்த டாக்டர் அந்தக் குழியைப் பார்த்துவிட்டுத்தான் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரிசல்ட் 4,260. பக்கத்திலேயே '125-க்குக் கீழ்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இது அடைப்பைக் காட்டுற டெஸ்ட் இல்லைங்க. இதயத்தோட சுவர் அழுத்தத்துல இழுபடும்போது அதுவே ரத்தத்துல விடுற பொருள் இது. அந்த 125, மூச்சுத் திணறலோட வர்ற வயசானவங்களுக்கான அளவு இல்லை. இப்படி வர்றவங்களுக்கு 300-க்குக் கீழே இருந்தா இதயம் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. 75 வயசைத் தாண்டினவங்களுக்கு 1,800-க்கு மேலே போனாத்தான் இதயச் செயலிழப்புன்னு பலமா சந்தேகப்படுவோம்."

அம்மாவுக்கு அதையும் தாண்டியிருந்தது. ஆனாலும் உடனே முடிவு கட்டவில்லை. சிறுநீரகம் மந்தமானாலும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் இந்த எண் ஏறுமாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்தும் காட்டுமாம். இசிஜியில் துடிப்பு சீராக இருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் கூடுதல். அதனால் கொஞ்சம் ஏறியிருக்கலாம், இவ்வளவு ஏறாது என்றார்.

எக்கோவில்தான் குழம்பிப்போனேன். பம்ப் செய்யும் அளவு 60 சதவீதம், நார்மல். அப்படியானால் ரத்தப் பரிசோதனை தப்பா? இல்லையாம். பல வருட ரத்தக் கொதிப்பில் இதயச் சுவர் தடித்து விறைத்திருந்தது. ரத்தத்தை வெளியே தள்ளுகிறது, ஆனால் உள்ளே வாங்கிக்கொள்ள இளகிக் கொடுக்கவில்லை. இடது மேலறை பெருத்திருந்ததே அதற்குச் சாட்சி. பின்னால் தேங்கும் அழுத்தம் நுரையீரலில் நீராக ஏறி, இளைப்பு போலவே சத்தம் கொடுத்திருக்கிறது. நாங்கள் புகை வைத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

நீர் பிரியும் ஊசி போட்டார்கள். ஐந்து நாளில் எடை 58 கிலோவில் இருந்து 54.5-க்கு இறங்கியது. மூன்றாம் நாளே அம்மா ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினார். வீட்டுக்கு அனுப்பும் முன் மறுபடி எடுத்ததில் 1,950. முப்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியது நல்ல அறிகுறி, முழுக்க 125-க்கு வராது, அதை எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர்.

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் அம்மாவின் எடையைக் காலண்டரில் குறிக்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறார். இன்று 54.8.