நகை ஈட்டுக்கு நாள் எண்ணுவது: 137-ஆ, 139-ஆ, 140-ஆ?

காலபோகத்துக்கு நிலம் உழத் தொடங்கும்போது வன்னியில் பல வீடுகளில் நகை ஈட்டுக்குப் போகும். அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்ததும் மீட்பு. இடையில் ஓடிய நாட்களுக்கு வட்டி. இந்த நாட்களை எண்ணுவதில்தான் சண்டை வரும். ஒரே பற்றுச்சீட்டை மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று விடை வருவதும் உண்டு. கமக்காரர்களுக்கு வட்டிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது நாங்கள் கைக்கொள்ளும் முறையை ஒரே உதாரணத்தை வைத்து முழுதாக எழுதுகிறோம்.

நகை வைத்தது 17.10.2023. மீட்டது 04.03.2024. தொகை ஒரு இலட்சம் ரூபா. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18 என்று வைத்துக்கொள்வோம்.

எண்ணத் தொடங்குவதற்கு முன் திகதியையே சரிபார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒக்டோபரை ஐப்பசி என்றும், ஜனவரியைத் தை என்றும் சொல்வது வழக்கம். “ஐப்பசி பதினேழு வைச்சது” என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் ஒக்டோபர் 17-ஐத்தான் சொல்கிறார். ஆனால் வயதானவர்கள் சிலர் பஞ்சாங்கத்து ஐப்பசியைச் சொல்வார்கள். அது ஒக்டோபர் நடுப்பகுதி கழித்துத்தான் பிறக்கும், அதன் பதினேழாம் நாள் நவம்பர் முதல் கிழமையில் வரும். இரண்டு கிழமைக்கு மேல் வித்தியாசம். ஆகவே வாயால் சொன்ன திகதியில் கணக்குத் தொடங்குவதில்லை. பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, மாதத்தை எண்ணாலும், பக்கத்தில் கிழமையின் பெயரையும் கொப்பியில் எழுதுகிறோம். 17.10.2023 செவ்வாய். 04.03.2024 திங்கள். கிழமையின் பெயர் ஏன் வேண்டும் என்பது பிறகு விளங்கும்.

இனி எண்ணுவது. தொடங்கிய மாதத்தில் மிச்சம் எத்தனை நாள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒக்டோபருக்கு 31 நாள், அதில் 17-ஐக் கழித்தால் 14. பிறகு இடையில் உள்ள முழு மாதங்களை அப்படியே வரிசையாக எழுத வேண்டும்: நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பெப்ரவரி 29. கடைசியில் மார்ச்சில் ஓடிய 4. எல்லாம் கூட்டினால் 139.

இதில் பிழை விடுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, மாதத்துக்கு 30 நாள் என்று பொதுவாகப் போட்டுவிடுவது. ஒக்டோபர் 17 முதல் மார்ச் 17 வரை ஐந்து மாதம், 150 நாள், அதில் 13 குறைத்தால் 137 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். 31 நாள் மாதங்கள் மூன்றைத் தாண்டி வந்ததும், பெப்ரவரியின் குறைவும் அந்தக் கணக்கில் இல்லை. எந்த மாதத்துக்கு 31 என்று மறந்தால் மூடிய கையின் மொளியைப் பார்த்து எண்ணலாம்: மொளியில் வருவது 31, பள்ளத்தில் வருவது குறைந்த மாதம். ஜூலையில் கடைசி மொளி, அடுத்த ஓகஸ்ட் மறுபடி முதல் மொளியில். இரண்டும் 31.

மற்றது பெப்ரவரி. 2024 நெட்டாண்டு, 29 நாள். அதே ஒக்டோபர் 17 – மார்ச் 4 கணக்கை அடுத்த போகத்துக்கு, அதாவது 2024-இலிருந்து 2025-க்குப் போட்டால் 138 தான் வரும். நெட்டாண்டு என்றவுடன் ஒரு நாளைக் கூட்டிவிடுவதும் பிழை. பெப்ரவரி 29 நம்முடைய இரண்டு திகதிகளுக்கு நடுவில் விழுந்தால் மட்டுமே அது கணக்கில் சேரும். 2024 மார்ச்சில் வைத்து ஓகஸ்டில் மீட்ட நகைக்கு அந்த ஆண்டு நெட்டாண்டாக இருந்ததால் நாள் ஒன்றும் கூடாது.

இப்போது கிழமையின் பெயர். 139-ஐ ஏழால் வகுத்தால் 19 கிழமை, மிச்சம் 6. செவ்வாயிலிருந்து ஆறு நாள் தள்ளினால் திங்கள். மீட்ட நாள் திங்கள்தான். ஆகவே கூட்டலில் பிழை இல்லை என்று கிட்டத்தட்ட உறுதி. 137 என்று வந்திருந்தால் மிச்சம் 4, சனிக்கிழமையில் போய் நின்றிருக்கும். ஏழின் மடங்கில் பிழை விட்டால் மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது, ஆனால் ஒன்று, இரண்டு நாள் பிழைகள்தான் அநேகம் வருவன. அவை எல்லாம் இதில் அகப்பட்டுவிடும். கல்குலேட்டரை இரண்டாம் தரம் தட்டுவதைவிட இதை நாங்கள் நம்புகிறோம், ஏனென்றால் இரண்டாம் தரமும் அதே பிழையைத்தான் பெரும்பாலும் விடுவோம்.

அடுத்ததுதான் உண்மையான பிணக்கு. 139 என்பது வைத்த நாளைச் சேர்க்காமல், மீட்ட நாளைச் சேர்த்து எண்ணியது. வேறு விதமாகச் சொன்னால், காசு நம் கையில் இருந்த இரவுகளின் எண்ணிக்கை. வைத்த நாள், மீட்ட நாள் இரண்டையும் சேர்த்தால் 140. இரண்டும் கூட்டலில் சரிதான். எது செல்லும் என்பதைக் கூட்டல் சொல்லாது, ஈடு பிடித்தவரின் நிபந்தனைதான் சொல்லும். நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பிடிப்பது எப்போதும் இலகுவல்ல. அப்போது அவர்கள் எடுத்த வட்டியிலிருந்து பின்னோக்கி வரலாம்.

ஒரு இலட்சத்துக்கு 18 வீதம் ஆண்டுக்கு 18,000 ரூபா. 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 49 ரூபா 32 சதத்துக்குச் சற்றுக் குறைவு. சீட்டில் வட்டி 6,854.79 என்று இருந்தால் 139 நாளுக்கு எடுத்திருக்கிறார்கள். 6,904.11 என்று இருந்தால் 140, இரண்டு முனையும் சேர்ந்திருக்கிறது. 7,500 என்று முழுத் தொகையாக நின்றால் நாளே எண்ணவில்லை: மாதத்துக்கு 1,500 வீதம், தொடங்கிய ஐந்தாம் மாதத்தையும் முழு மாதமாக எடுத்திருக்கிறார்கள். 6,836.07 வந்தால் நாள் 139 தான், ஆனால் 366-ஆல் வகுத்திருக்கிறார்கள். எந்த விடைக்கும் பொருந்தாத தொகை நின்றால் வட்டியோடு வேறு கட்டணம் ஏதோ கலந்திருக்கலாம், அதைக் கேட்க வேண்டும். “நாள் பிழை” என்று பொதுவாகப் போய் நிற்பதைவிட, “நீங்கள் 140 எடுத்திருக்கிறீர்கள், வைத்த நாளும் சேருமா?” என்று கேட்டால் பதில் நேராக வரும்.

ஒரு நாள், ஐம்பது ரூபாதானே என்று தோன்றலாம். இடையில் வட்டி கட்டிப் புதுப்பிக்கும்போதுதான் இது பெருகும். இதே நகைக்கு டிசம்பர் 31-இல் வட்டியைக் கட்டிப் புதுச்சீட்டு எடுத்ததாக வைப்போம். இரண்டு முனையும் சேர்த்து எண்ணினால் முதல் சீட்டுக்கு 76 நாள், இரண்டாம் சீட்டுக்கு 65 நாள், மொத்தம் 141. ஒரே சீட்டாக வைத்திருந்தால் 140 தான். டிசம்பர் 31 இரண்டு சீட்டிலும் ஏறிவிட்டது. ஒரு முனையை மட்டும் எண்ணினால் 75-உம் 64-உம், மொத்தம் 139, எங்கே பிரித்தாலும் மாறாது. ஆகவே பிரித்துக் கூட்ட வேண்டிய எந்தக் கணக்குக்கும் ஒரு முனையை விட்டு எண்ணுவதுதான் நியாயமான முறை என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டு முனையும் எண்ணுகிற இடத்தில் மாதா மாதம் புதுப்பித்தால் ஒவ்வொரு தரமும் ஒரு நாள் வட்டி மேலதிகமாகப் போகும்.

இரண்டு முனையும் சேர்ந்தே ஆக வேண்டிய கணக்குகளும் நமக்கு உண்டு. செத்தவீட்டில் அந்தியேட்டிக்கு 31ஆம் நாள் பார்க்கும்போது இறந்த நாள்தான் முதலாம் நாள். 17.10.2023 இல் ஒருவர் இறந்திருந்தால் ஒக்டோபரில் 17-ஐயும் சேர்த்து 15 நாள், மிச்சம் 16, ஆகவே நவம்பர் 16. அடுத்த மாதம் அதே திகதி என்று 17-ஐச் சொன்னால் அது 32ஆம் நாள். 30 நாள் உள்ள மாதத்தில் இறந்தவருக்கு மட்டும் அது அதே திகதியில் வரும். லீவும் இப்படித்தான்: திங்கள் 4 முதல் வெள்ளி 8 வரை லீவு என்றால் ஐந்து நாள், எட்டில் நாலைக் கழித்து நாலு என்று எழுதக் கூடாது. எத்தனையாம் நாள், எத்தனை நாள் லீவு என்று கேட்டால் நாட்களை எண்ணுகிறோம். எவ்வளவு காலம் கடந்தது என்று கேட்டால் நாட்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை எண்ணுகிறோம். மூன்றரை மாத நெல்லுக்கு 105 நாள் என்பதும் இடைவெளிதான். ஒக்டோபர் 17 விதைத்தால் 105 நாள் முடிவது ஜனவரி 30. அது 15 கிழமை சரியாக, ஆகவே விதைத்ததும் செவ்வாய், முடிவதும் செவ்வாய்.

போனில் எக்செல் இருந்தால் திகதியைத் தட்டி எழுதாமல் இப்படிப் போடுங்கள்:

```
=DATE(2024,3,4)-DATE(2023,10,17)
```

139 வரும். இரண்டு முனையும் வேண்டுமென்றால் கடைசியில் `+1`. திகதியை 04/03/2024 என்று நேரே தட்டினால், அமெரிக்க முறையில் அமைத்த போன் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துவிடும், வைத்த திகதியை மட்டும் `DATE` இல் சரியாகப் போட்டிருந்தால் விடை 169 ஆகும். 17/10/2023 என்று தட்டினால் அதே போன் அதைத் திகதியாகவே ஏற்காது, கழிக்கும்போது `#VALUE!` என்று காட்டும், அதனால் உடனே தெரிந்துவிடும். நாள் 12-க்குள் இருக்கும் திகதிகள்தான் சத்தமில்லாமல் மாறும். `DAYS360` என்ற சூத்திரத்தை எடுக்காதீர்கள், அது எல்லா மாதத்துக்கும் 30 நாள் போட்டு இதற்கு 137 என்றே சொல்லும். `NETWORKDAYS` இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும், சனி ஞாயிறை விட்டுவிடும், போயா தினங்களை நாம் தனியாகக் கொடுத்தால்தான் கழிக்கும்.

கடைசியில் கொப்பியில் எழுதுவது ஒரே வரி: “17.10.2023 செவ்வாய் – 04.03.2024 திங்கள், 139 நாள், வைத்த நாள் சேரவில்லை, 365.” அடுத்த போகத்தில் வேறொருவர் அந்தக் கொப்பியைத் திறந்தாலும் 139 எப்படி வந்தது என்று யாரையும் கேட்காமலே தெரியும்.