நியூயார்க்குக்கு எத்தனை மணி?

நண்பர் ஒருவர் வெபினார் அறிவிப்பை அனுப்பி, போடுவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொன்னார். நான்கு அட்டைகள்: தலைப்பு, பேச்சாளர், நேரம், இணைவது எப்படி.

கண் மூன்றாவது அட்டையிலேயே நின்றுவிட்டது.

'மார்ச் 14, சனி. இந்தியா இரவு 7:30, லண்டன் பகல் 2, நியூயார்க் காலை 9 EST, சிட்னி இரவு 1.'

ஜனவரி அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். ஜனவரியில் நியூயார்க் 9 சரிதான். ஆனால் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அதனால் காலை 10, அதுவும் குளிர்கால நேரமான EST இல்லை, கோடைகால நேரமான EDT. பிரிட்டனில் மாதக் கடைசி ஞாயிறுதான் மாற்றம், ஆக லண்டன் அப்படியே 2. இந்தியா மாற்றுவதே இல்லை. இடைப்பட்ட இந்த வாரங்களில்தான் பழைய அட்டை காலை வாரிவிடும்.

சிட்னிக்கு மணி சரி, தேதிதான் தப்பு. அங்கே அது 15, ஞாயிறு. '14 இரவு 1' என்று படிப்பவர் ஒரு நாள் முன்னாடியே வந்து உட்கார்ந்திருப்பார்!

நான் உலகப் பொது நேரப்படி 14:00 UTC என்று முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஊர் ஊராகக் கணக்குப் போடுவேன். அந்த ஒரு வரியையும் அட்டையில் போடச் சொன்னேன்.

பேச்சாளர் அட்டையில் ஏழு பட்டங்கள். இந்தத் தலைப்பில் என்ன வேலை செய்தார் என்பதைக் காணோம்.

கடைசி அட்டையில் இணைப்பு நீளமாக இருக்கிறது. படத்துக்குள் இருப்பதை யார் தட்ட முடியும்? அதைப் பதிவின் எழுத்தில் போடுங்கள் என்றேன்.