எங்கள் தட்டச்சு, மொழிபெயர்ப்புச் சேவைக்குப் பெயர் கிடைத்த கதை

அக்கா தட்டச்சு செய்வார், நான் மொழிபெயர்ப்பேன். சேர்ந்து தொழிலாகவே செய்யலாம் என்று முடிவானதும் பெயருக்கு ஒரு மாலை போதும் என்று நினைத்தோம். ஏழு வாரம் ஆனது.

முதலில் செய்கிற வேலையையே பெயராக வைக்கப் பார்த்தோம். 'மொழிபெயர்ப்பு, தட்டச்சு மையம்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் அது யாருடைய மையம் என்று தெரியாது. நம்மைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போது வெறுமனே "டைப்பிங் சென்டர்" என்றுதான் சொல்வார்கள், கேட்டவர் வேறு எங்காவது போய் நிற்பார். வணிகக்குறியாகப் பதிவு செய்வதும் கடினம். செய்யும் சேவையை மட்டுமே சொல்கிற பெயரை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்கப் பொதுவாக விடமாட்டார்கள்.

அடுத்து 'எழில்மொழி'. எனக்கு மிகவும் பிடித்த பெயர். மின்னஞ்சலும் திறந்து, தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி வேலை வாங்க ஆரம்பித்தோம். இரண்டாவது வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: "ஒப்பந்தம் அனுப்பி நாலு நாளாச்சே, முடிந்ததா?" எங்களுக்கு எதுவும் வரவில்லை. எங்கள் முகவரி ezhilmozhi என்று இருந்தது. அவர்கள் அனுப்பியது elilmoli என்ற முகவரிக்கு. அஞ்சல் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் அதே எழுத்துகளில் யாரோ ஒருவருக்கு முகவரி இருக்கிறது, அந்த ஒப்பந்தம் அவரிடம் போய்விட்டது. மாணவர்களின் சான்றிதழ், அலுவலகங்களின் கணக்கு என்று பிறருடைய தாள்களை வாங்கி வைத்துச் செய்கிற தொழில் இது. அன்றைக்கே அந்தப் பெயரைக் கைவிட்டோம்.

குற்றம் அனுப்பியவரிடம் இல்லை. 'ழ'வை zh என்றும் l என்றும் z என்றும் எழுதுகிறோம். அந்தப் பெயரிலோ இரண்டு 'ழ'. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது வடிவம். 'க' என்றால் k, g, h. 'ச' என்றால் s, ch. 'த' என்றால் t, th, d. நெடிலும் அப்படித்தான், ஒருவர் a போடுமிடத்தில் இன்னொருவர் aa போடுவார்.

அப்புறம் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். பெயரைத் தொலைபேசியில் ஒரே ஒரு முறை சொல்வது. எழுத்துக்கூட்டாமல், அவர்களுக்குத் தோன்றியபடி ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்வது. பத்துப் பேரில் எட்டுப் பேராவது ஒரே மாதிரி எழுத வேண்டும். கூடவே "இந்தப் பெயரில் ஓர் இடம் இருந்தால் அங்கே என்ன நடக்கும்?" என்றும் கேட்போம். இந்த இரண்டாவது கேள்வி முதலாவதைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது.

அக்கா 'நேர்வரி' என்றார். வரி பிசகாமல் அடிப்பது, நேர்மையாகப் பெயர்ப்பது இரண்டும் அதில் இருக்கின்றன என்பது அவர் எண்ணம். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டதும், "வருமான வரித் தாக்கலும் செய்வீர்களா?" என்றார். நேர்வரி என்றால் அவருக்கு நேரடி வரிதான். சிறு அலுவலகங்கள்தான் எங்களிடம் பாதி வேலை தருபவை, அவர்கள் காதில் அப்படி விழுந்தால் பெயர் செத்தது. 'விரல்நுனி' எழுத்துச் சோதனையில் நன்றாகவே தேறியது, ஆனால் திரையில் viralnuni என்று பார்த்த மாணவர்கள் 'வைரல்' என்றே படித்தார்கள். பெயரில் 'மொழி' என்று வந்தாலே, வகுப்பு எப்போது ஆரம்பம் என்று கேட்டார்கள்.

கடைசியில் அம்மா வாயிலிருந்து வந்தது. அக்கா அடித்த ஒரு தாளைப் பார்த்து, "எழுத்து மணி மணியா இருக்கு" என்றார். பேனா முனையோடு சேர்த்தோம்: மணிமுனை. பத்துப் பேரில் ஒன்பது பேர் manimunai என்றே அனுப்பினார்கள், ஒருவர் மட்டும் munnai என்று எழுதியிருந்தார். அந்த வடிவத்திலும் ஒரு முகவரி எடுத்து எங்களுக்கே வரும்படி செய்துவிட்டோம். தமிழில் எழுதும்போது சிலர் 'மனிமுனை' என்று போடுகிறார்கள். முகவரி கெடாததால் அதை விட்டுவிட்டோம்.

வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்று தெரிந்தது. பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் பன்னாட்டு நீஸ் வகைப்பாட்டில் தட்டச்சு 35ஆம் வகுப்பு, மொழிபெயர்ப்பு 41ஆம் வகுப்பு. நாங்கள் இரண்டிலும் தேடிப் பார்த்த பிறகே விண்ணப்பித்தோம். ஒன்றில் மட்டும் தேடியிருந்தால் மற்றதில் ஒரே மாதிரிப் பெயர் இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே 'சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு' என்று போட அக்காவுக்கு ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை கேட்கும் இடங்கள் உண்டு. எங்களிடம் அது இல்லை. அந்தச் சொல்லை நம்பி வரும் மாணவர், விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொள்வார். இப்போது பலகையில் 'மணிமுனை', அதன் கீழே சிறிய எழுத்தில் 'தட்டச்சு, மொழிபெயர்ப்பு', அவ்வளவுதான்.